சுடுமண் குதிரையும் பழைய செய்தித்தாளும்: மெஷ்ரூமோடு இரண்டு வருடம்

கையடக்கப் பொருட்களைப் படமெடுத்து, இலவச மென்பொருளான மெஷ்ரூமில் 3டி மாடலாக மாற்றுவது இரண்டு வருடப் பழக்கம். முழுத் தரத்தில் ஓட என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மற்றபடி மென்பொருள்மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. தகராறெல்லாம் படமெடுப்பதில்தான்.

9.2 செ.மீ. உயரமுள்ள ஒரு சுடுமண் குதிரையில்தான் பாடம் படித்தேன். சுழல்மேசையில் அதை வைத்து, ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, 10 டிகிரிக்கு ஒன்றாக 36 படங்கள். கேமரா நின்ற இடங்களைக் கணக்கிடும் `StructureFromMotion` படி முடிந்ததும் பார்த்தால், குதிரையைச் சுற்றி வட்டமாக நிற்க வேண்டிய கேமராக்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. பின்னாலிருந்த புத்தக அலமாரியின் வேலை அது. எது சுழல்கிறது, எது நிற்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அசையாத அலமாரியில் அடையாளப் புள்ளிகள் அதிகம் கிடைக்கவே, கேமரா நகரவில்லை என்று முடிவு கட்டிவிட்டது.

இப்போது பின்னால் வெறும் கறுப்புத் துணி. குதிரைக்கு அடியில் பழைய செய்தித்தாளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன். தாளும் கூடவே சுற்றுவதால் அதிலுள்ள எழுத்துகளே நல்ல அடையாளப் புள்ளிகளாகிவிடுகின்றன. எஃப்/11, ஐஎஸ்ஓ 100, ஒயிட் பேலன்ஸ் மாறாமல் பூட்டியது, இரண்டு நொடி டைமர். எஃப்/11 ஏனென்றால், லென்ஸ் துளை அகலமாக இருந்தால் கிட்டத்தில் எடுக்கும்போது முகம் தெளிவாக இருக்க, வால் மங்கிவிடும். மங்கிய இடம் மாடலின் வலைப்பரப்பான மெஷ்ஷில் புடைத்துப் புடைத்து வரும்.

அடுத்தது கால்கள். மேலிருந்து மட்டும் இரண்டு உயரங்களில் எடுத்ததால் நான்கு கால்களுக்கும் நடுவே வாத்துக்கால் மாதிரி சவ்வு. மேசை மட்டத்திலிருந்து இன்னொரு சுற்று எடுத்ததும் பெரும்பாலும் போய்விட்டது. ஆக, மூன்று உயரங்களில் மொத்தம் 108 படங்கள்.

சுத்தம் செய்வது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில். செய்தித்தாளை வெட்டி எறிந்து, தனியாக மிதக்கும் துணுக்குகளை நீக்கி, அடிப்பக்க ஓட்டைகளை மூடி, `Decimate` போட்டு மெஷ்ஷின் முக்கோணங்களைப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பேன். இந்த மெஷ்ஷையே மெஷ்ரூமின் `Texturing` கணுவுக்குத் திருப்பிக் கொடுத்தால் வண்ணம் புதிதாகப் பூசித் தரும். ஆனால் அதற்குள் மாடலை நகர்த்தவோ பெரிதாக்கவோ கூடாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் அச்சுத் திசை ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டுத் திருப்பிவைத்தேன், குதிரையின் முகத்தில் செய்தித்தாள் எழுத்து!

அளவு சரிசெய்வது அதற்கப்புறம்தான். படங்களிலிருந்து வடிவம் கிடைக்குமே தவிர உண்மையான அளவு வராது. குதிரை 2.3 அலகு உயரம் காட்டியது. ஸ்கேலில் அளந்தது 92 மி.மீ. என்பதால் 40 மடங்கு பெரிதாக்கினேன், 3டி பிரிண்டருக்குச் சரியாகப் போனது.

பித்தளைக்கு இதெல்லாம் போதாது. பளபளப்பு ஒவ்வொரு கோணத்திலும் இடம் மாறுவதால் மெஷ் முழுக்கக் குழி விழுகிறது. டால்கம் பவுடரை மெல்லத் தூவினால் வடிவம் வருகிறது, நிறம்தான் போய்விடுகிறது.