ஆடித் திருவிழாத் தெரு அலங்காரம்: குத்தகைக்கு விடுவதா, வாசல் வாசலாகவா, கண்ணி பிரித்தா?

மாரியம்மன் சப்பரம் வருகிற தெரு எங்களுடையது. நீளம் சுமார் 300 அடி, அகலம் 20 அடி, வீடுகள் 34. ஆடி மாதம் பிறப்பதற்கு முன்பே ‘இந்த வருசம் அலங்காரம் எப்படி?’ என்ற பேச்சு தொடங்கிவிடும். ஆறு வருடத்தில் மூன்று முறைகளையும் செய்து பார்த்துவிட்டோம். அடுத்த தெருக்காரர்கள் கேட்பதால் அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் குத்தகை. பந்தல்காரரிடம் மொத்தமாகச் சொல்லிவிட்டால் இரண்டு முகப்பு வளைவு, சீரியல் செட், தோரணம் எல்லாம் அவரே கொண்டுவந்து கட்டி, அவரே அவிழ்த்துக்கொண்டு போவார். எங்களுக்குச் சொன்ன தொகை 38,000 ரூபாய். ஏணி ஏறும் ஆபத்து நம் தலையில் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஆடியில் அவருக்கு ஒரே வாரத்தில் பத்துத் தெரு. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் நமக்கும் வரும். மஞ்சளும் வேப்பிலையும்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தோம். வந்ததோ ஊதா மயில் வளைவும் மினுக்குத்தாள் தோரணமும். இருக்கிற பொருளை மாற்றி மாற்றி வாடகைக்கு விடுவதுதான் அவர் தொழில், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. தெருவுக்கென்று ஒரே கருத்தில் அலங்காரம் வேண்டுமென்றால் குத்தகையில் அது கிடைக்காது. மறுநாள் எல்லாம் போய்விடும், அடுத்த வருடத்துக்கென்று ஒரு முழக் கயிறுகூட மிஞ்சாது.

இரண்டாவது முறையில் கருத்தை மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு, அவரவர் வாசலை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வரி வேண்டாம், கணக்கு வேண்டாம், சண்டை வராது என்று நினைத்தோம். தரை மட்டத்தில் இது அருமையாக நடந்தது. மஞ்சள் விளிம்பு வைத்த கோலம், நிலையில் வேப்பிலைக் கொத்து, திண்ணையில் விளக்கு என்று ஒரு வாசலைப் பார்த்து அடுத்த வாசல் அழகானது. தலைக்கு மேலேதான் சரியாக வரவில்லை. வசதியுள்ள இரண்டு வீட்டு முன் வண்ண வண்ணமாக விளக்கு எரிய, பூட்டிக் கிடந்த நாலு வீட்டு முன்னால் முப்பது அடிக்கு இருட்டு. மாடியில் குடியிருப்பவர்களுக்கு ‘என் வாசல்’ என்று சொல்ல ஒன்றுமில்லை. தனியாக இருக்கும் வயதானவர்களால் ஏணி போட முடியாது. செலவை மொத்தமாகப் பார்த்தால் இதுதான் மலிவு, ஆனால் சப்பரம் தெருமுனையில் திரும்பும்போது கண்ணுக்குத் தெரிந்தது தெரு இல்லை, தனித்தனி வீடுகள்தான்.

மூன்றாவது முறையைத்தான் இப்போது வைத்திருக்கிறோம். தெருவை 50 அடிக்கு ஒரு கண்ணியாக ஆறாகப் பிரித்தோம். கண்ணிக்கு ஐந்தாறு வீடு. பொருள் பொதுவில் வாங்குவது, கட்டுவது கண்ணிக்காரர்கள் பொறுப்பு. விளக்கை மட்டும் ஒயர்மேன் உள்ளவரிடம் வாடகைக்கு எடுத்தோம். மின் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு எடுப்பது திருட்டு மட்டுமல்ல, ஆடித் தூறலில் உயிருக்கே ஆபத்து. தோரணக் கயிற்றையும் மின் கம்பத்தில் கட்டுவதில்லை, மாடிக் கைப்பிடிச் சுவரில்தான் கட்டுகிறோம். கம்பி அறவே கிடையாது.

வரியை வீட்டுக் கணக்கில் போட்டபோதுதான் மனக்கசப்பு வந்தது. மூன்று குடித்தனம் இருக்கும் வீடும் ஒரு பங்கு, ஒரு பாட்டி மட்டும் இருக்கும் வீடும் ஒரு பங்கு என்றால் எப்படி நியாயம்? அதனால் அடுப்புக் கணக்குக்கு மாறினோம். தனி அடுப்பு எரிந்தால் ஒரு பங்கு. 34 வீட்டில் 46 அடுப்பு வந்தது. விளக்கு வாடகை 9,000, துணி, தையல், கயிறு 4,800, வாழை, குருத்தோலை, கம்பு 4,250, மின்சாரத்துக்கு 1,500. மொத்தம் 19,550, அடுப்புக்கு 425 ரூபாய். குத்தகை என்றால் அதே கணக்கில் 826 வந்திருக்கும். முடியாதவர்களிடம் கேட்பதில்லை. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பெயர்ப் பட்டியலை ஒட்டுவதும் இல்லை, செலவுச் சீட்டை மட்டும் கோயில் சுவரில் ஒட்டுகிறோம்.

கொடிக்குக் காடாத் துணி எடுத்து மஞ்சள் சாயம் போட்டோம். 9 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் முக்கோணம். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் 36 அங்குலத் துணியில் மீட்டருக்கு 21 கொடி வரும். 12 அடிக்கு ஒரு குறுக்குக் கயிறு என்று 25 கயிறு, அடிக்கு ஒரு கொடி வீதம் 500 கொடி. 24 மீட்டரில் முடிந்தது. பிளாஸ்டிக் கொடிக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. துணி துவைத்து மடித்தால் மறுவருடமும் வரும்.

கட்டும்போது பலர் தவறவிடுவது தொய்வை. எங்கள் சப்பரம் குடையோடு 11 அடி. முதல் வருடம் 13 அடியில் கயிறு கட்டியபோது போதும் என்றுதான் தோன்றியது. பகலில் நைலான் கயிறு இளகி, வேப்பங்கொத்தின் கனமும் சேர, நடுவில் இரண்டடிக்கு மேல் இறங்கிவிட்டது. குடை மாட்டிக்கொண்டு, சப்பரம் கால் மணி நேரம் நின்றது. இப்போது 15 அடியில் கட்டி, ஓரங்களில்தான் வேப்பிலை, நடுவில் கொடி மட்டும். முந்தின நாள் மாலை 12 அடிக் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் தெருவின் நடுவே முழுதும் நடந்து பார்க்கிறார். குருத்தோலையும் வாழையும் உலாவுக்கு முந்தின நாள்தான் வரவேண்டும். இரண்டு நாள் முன்னதாக வந்தால் உலாவன்று ஓலை பழுத்திருக்கும்.

வேலைப் பங்கீட்டில்தான் நாங்கள் அதிகம் தப்பு செய்தோம். வராதவர் 200 ரூபாய் கட்டட்டும் என்று ஒரு வருடம் வைத்தோம். பணம் சேர்ந்தது, ஆள் சேரவில்லை. 200 கொடுத்தவர்களுக்குக் கடமை தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த எட்டுப் பேர் விடிய விடிய கட்டினார்கள். மறுவருடமே அதை எடுத்துவிட்டு, வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்தபடி செய்யும் வேலையைக் கொடுத்தோம்: கொத்துக் கட்டுவது, துணி வெட்டுவது, டீ போடுவது.

இன்னொன்று எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஏணி ஏறுவதுதான் வேலை என்று நினைத்திருந்தோம். தெருவில் தையல் தொழில் செய்யும் ஓர் அக்கா 500 கொடியையும் சும்மா தைத்துக் கொடுத்தார். ஆடித் தள்ளுபடிக் காலத்தில் அவருக்கு வந்த ரவிக்கைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தைத்ததை யாருமே கவனிக்கவில்லை. “ஏந்தம்பி, எங்க வீட்டுக்கும் ஒரு ஆளு ஏணிக்கு வரணுமாமே?” என்று அவர் கேட்டபோதுதான் உறைத்தது. இப்போது கொடிக்கு 3 ரூபாய் தையல் கூலி, பொதுப் பணத்திலிருந்து முன்கூட்டியே.

அவிழ்க்கும் வேலையை முதல் கூட்டத்திலேயே ஒதுக்கிவிடுகிறோம். உலா முடிந்ததும் எல்லோரும் அசந்துவிடுவார்கள், யாரிடம் கேட்டாலும் நாளைக்கு என்பார்கள். அதனால் கட்டும்போது ஏறாதவர்கள்தான் மறுநாள் காலை அவிழ்க்கிறார்கள். கொடி, கயிறு எல்லாம் கண்ணி எண் எழுதிய ஆறு சாக்கில் கட்டி, கோயில் மடப்பள்ளிப் பரணுக்குப் போகும்.

பத்துப் பதினைந்து வீடுள்ள தெருவென்றால் இந்தக் கண்ணிப் பிரிப்பெல்லாம் தேவையில்லை, வாசல் முறையோடு நடுவில் ஒரு வரிசை விளக்கு போதும். பெரும்பாலானவர்கள் ஷிப்ட் வேலைக்குப் போகிற தெருவென்றால் குத்தகைக்கே விடலாம். வளைவின் படத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள், மீதியைக் கட்டி முடித்த பிறகு கொடுங்கள். முப்பது வீட்டுக்கு மேல், மாலையில் இருபது கை கிடைக்கும் என்றால், என் தேர்வு கண்ணி முறைதான்.