உமி அடுப்பின் மேல் ஆறு வருஷம்: என் தெர்மோஎலக்ட்ரிக் மாட்யூல்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் நேராக நின்ற மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. கூரையில் இருந்த சோலார் பேனலும் காற்றோடு போனது. மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. ஆனால் உமிக்குப் பஞ்சமில்லை, அடுப்பு தினமும் எரிந்தது. அடுப்புச் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்று அப்போது வந்த யோசனைதான் இந்த மாட்யூல். 2019 தொடக்கத்தில் மாட்டினேன், இன்றும் ஓடுகிறது.

அமைப்பு எளிமையானது. அடுப்பின் பக்கவாட்டில் ஒரு கனமான இரும்புத் தகடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் 4 செ.மீ. சதுர மாட்யூல். அதற்கு மேல் தட்டையான அடி கொண்ட அலுமினியப் பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர். பாத்திரத்தின் கனமே மாட்யூலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கீழே சூடு, மேலே குளிர்ச்சி, நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைக்கடத்தியாலான கால்கள், இரண்டு வகையும் இணை இணையாக, மொத்தம் 254. பின்பக்க ஒயர் ஒரு சின்ன பூஸ்டர் போர்டுக்குப் போகிறது, அதிலிருந்து 5 வோல்ட்.

முதலில் வாங்கியது 12706 என்று எண் போட்ட கூலிங் மாட்யூல், விலை குறைவு என்பதால். எண்ணிலேயே விவரம் உண்டு: 127 இணைகள், 6 ஆம்பியர். நான்காம் நாள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன், அது செத்தது. இந்த வகையில் பெரும்பாலும் போடுவது 138 டிகிரியில் உருகும் பிஸ்மத்-டின் ஈயப்பற்று. அடுப்புத் தகடு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மின்சாரம் எடுப்பதற்கென்றே, அதிகச் சூடு தாங்கும் பற்றோடு வரும் மாட்யூலை அப்புறம் வாங்கினேன். உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ அதேதான், ஒட்டியிருக்கும் விதம்தான் வேறு.

மாட்டிய புதிதில் அம்மா கேட்ட கேள்வியை இன்னும் மறக்கவில்லை. "ஏன்டா, கரண்டு போற சாமானெல்லாம் சுடும். பித்தளைக் கரண்டி சுடுது, கொட்டாங்கச்சி அகப்பை சுடல. ஆனா அகப்பைல கரண்டு போகாது. இது ரெண்டுல எது?" இரண்டும் இல்லை, கரண்டுக்குப் பித்தளை போலவும் சூட்டுக்குக் கொட்டாங்கச்சி போலவும் நடந்துகொள்ள வேண்டும் என்றேன். அப்படியொரு அகப்பை இருக்கிறதா என்றார். இப்படிப்பட்ட பொருளின் தரத்தை அளக்கும் எண் கேட்பதும் அதைத்தான்:

ZT = S²σT/κ

S என்பது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வோல்ட் பிறக்கிறது என்ற சீபெக் அளவு. 1821-ல் தாமஸ் சீபெக் கண்டது. σ மின்கடத்துத்திறன், κ வெப்பக்கடத்துத்திறன், T கெல்வினில் வெப்பநிலை. செம்பை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தை பிஸ்மத் டெலுரைடைவிட ஏறத்தாழ 600 மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் அதில் மின்னணுக்கள் நெருக்கியடித்து நிற்பதால், சூடான பக்கத்திலிருந்து வருபவையும் எதிரே போபவையும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். S இரண்டு மைக்ரோவோல்ட்கூட வராது. பிஸ்மத் டெலுரைடில் 200 வரும். நூறு மடங்கு, அதை வர்க்கம் பண்ணினால் பத்தாயிரம். போதாக்குறைக்கு செம்பின் κ 400, இதன் κ வெறும் 1.5 (மீட்டருக்கு, டிகிரிக்கு வாட்). கணக்குப் போட்டால் அறை வெப்பத்தில் செம்பின் ZT 0.0002-ஐக்கூட எட்டாது, இதற்கு 0.8 வருகிறது.

κ ஏன் கீழே இருக்கிறது என்பதுதான் சுவையான பகுதி. வெப்பம் இரண்டு வழியில் போகும். மின்னணுக்கள் தாங்களே சூட்டைச் சுமந்துபோவது ஒன்று. மின்சாரம் நன்றாகப் போனால் இதுவும் போகும், பிரிக்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் வீடமன்-ஃபிரான்ஸ் விதி சொல்வது இதைத்தான். என் மாட்யூலின் 1.5-ல் ஏறத்தாழ பாதி இந்தக் கணக்கு. மீதிப் பாதி அணுக்களின் அதிர்வு வழியாகப் போவது. கைவைக்க முடிந்தது இதில் மட்டும். பிஸ்மத்தும் டெலுரியமும் கனமான அணுக்கள், அடுக்கடுக்காக நிற்பவை, அடுக்குகளுக்கு நடுவே பிணைப்பு பலவீனம். அதிர்வு அங்கே வேகமாக ஓடாது. அதோடு ஒரு வகைக் காலில் பிஸ்மத்துக்குப் பதிலாக ஆன்டிமனியையும், மறுவகைக் காலில் டெலுரியத்துக்குப் பதிலாக செலினியத்தையும் ஓரளவு கலக்கிறார்கள். எடை வேறான அணு குறுக்கே வந்ததும் அதிர்வு சிதறும். மின்னணுவுக்கு அந்த இடம் பழைய படிகம் போலவே தெரிவதால் அவ்வளவாகத் தடுமாறாது. 1995-ல் ஸ்லாக் என்ற இயற்பியலாளர் இந்த லட்சியத்துக்குப் பெயர் வைத்தார்: அதிர்வுக்குக் கண்ணாடி, மின்னணுவுக்குப் படிகம். அம்மா கேட்ட அகப்பைதான்.

2014-ல் டின் செலினைடு ஒற்றைப் படிகத்தில் ZT 2.6 என்று அறிவித்தார்கள். ஆனால் அது 650 டிகிரியில், படிகத்தின் ஒரு திசையில் கிடைத்த எண். என் உமி அடுப்புக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, கையில் என்ன கிடைக்கிறது? அடிப்பக்கம் 150, பாத்திரப் பக்கம் 60 டிகிரி இருக்கும்போது, சுமையில்லாமல் 4.2 வோல்ட். சுமை போட்டால் 2.1 வோல்ட், 0.8 ஆம்பியர், அதாவது 1.7 வாட். உள்தடை 2.6 ஓம். இதற்காக மாட்யூல் வழியே போகும் வெப்பம் சுமார் 60 வாட், எனவே நூற்றில் மூன்று பங்குகூட மின்சாரமாகவில்லை. மீதியெல்லாம் தண்ணீருக்குப் போகிறது. ஐந்து லிட்டர் மணிக்குப் பத்து டிகிரி ஏறும், மாலையில் குளிக்க வெந்நீர். தொடக்கத்தில் துடுப்புள்ள அலுமினிய ஹீட்சிங்க் வைத்துப் பார்த்தேன். இந்த 60 வாட்டை நம் ஊர்க் காற்றில் அதனால் தள்ள முடியவில்லை, மேல்பக்கமும் 100-ஐ நெருங்கி மின்சாரம் பாதிக்கும் கீழே போனது. மூன்று மணி நேரத்தில் போன் கால்வாசி ஏறும், இல்லையென்றால் ஒரு வாட் பல்பு எரியும். வெயில் நாளில் சோலார்தான் மலிவு, அதில் வாதமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது ஜெயிக்கிறது.

மூன்றாம் வருஷம் பல்பு மங்கியது. இங்கே பலரும் தடுமாறுவார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். சுமையில்லா வோல்ட் குறைந்திருந்தால் வெப்பநிலை வித்தியாசம் போய்விட்டது என்று பொருள்: சூடு நன்றாகக் கடக்க மாட்யூலின் முகங்களில் தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது பாத்திர அடியில் உப்புப் படிந்திருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், அதனால் இது வருஷாவருஷம் நடக்கும். துடைத்து பேஸ்ட் தடவினால் சரி. ஆனால் அன்று 4.2 அப்படியே இருந்தது, பல்பைப் போட்டதும் முன்னைவிட அதிகமாக விழுந்தது. உள்தடை ஏறிவிட்டது, அதாவது பற்றுகளில் விரிசல். தினமும் சூடாகி ஆறுவதால் வருவது. மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்க்கும்போது இரண்டு முகமும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். விரல் பட்ட சூடே வோல்ட் உண்டாக்கி அளவைக் கெடுக்கும். முனைகளை மாற்றி இரண்டு தடவை எடுத்து சராசரி பார்த்தேன். 4.1 ஓம். அதிகபட்ச மின்சாரம் ஏறத்தாழ ஒரு வாட்டுக்கு இறங்கியிருந்தது.

புதிது மாற்றினேன். இப்போது இதன் உள்தடையும் 3.1 ஓம் வரை வந்துவிட்டது. இந்த முறை அம்மா அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தை எடுக்க விடுவதில்லை. தகடு தானாக ஆறட்டும் என்று அதட்டிவிட்டு, அதன் பிறகே வெந்நீரைக் குளியலறைக்கு எடுத்துப் போகிறார்.