ரெண்டு வாய் வைத்த டக்ட், ஒரு பக்கம் மட்டும் காற்று

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள், ஃபேன் காற்றை நாசில் முனைக்குக் கொண்டுபோகும் டக்ட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 85 ரிங்கிட்டும், தைப்பூசத்துக்கு முந்தின மூன்று வாரமும் போய்விட்டன.

காவடியில் மயிலிறகு செருகும் சின்னக் கிண்ணங்கள் அடித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். அடி குறுகி, வாய் விரிந்த கிண்ணம். அடிப்பக்கச் சுவரில் ஒரு பக்கமாக, கயிறு நுழைய 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு திறப்பு. பழைய டக்ட் விரிசல் விட்டதால் டவுன் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். "ரெண்டு பக்கமும் காற்று அடிக்கும், அண்ணே" என்றார் கடைக்காரர். நாசிலின் இரு புறமும் வாய் இருந்தது, நம்பிவிட்டேன்.

அடித்த எல்லாக் கிண்ணத்திலும் வலப்பக்கம் வழவழப்பு, இடப்பக்கம் நூல் நூலாகத் தொங்கல். திறப்பின் மேலே அந்தரத்தில் இழுத்துப் போட்ட பிரிட்ஜ், கயிற்றை இழுத்ததும் முறிந்தது. கடையில் காட்டினால், "ஃபிலமெண்ட்ல ஈரம், புதுசு வாங்குங்க" என்றார்கள். வாங்கினேன். அதே கதைதான். ஈரம் இருந்தால் கிண்ணத்தைச் சுற்றிலும் கெடும். அது பக்கம் பார்க்காது.

அப்புறம்தான் மாடலை ஸ்லைசரில் 180 டிகிரி திருப்பி அடித்தேன். திறப்பு எதிர்ப்பக்கம் போனது, ஆனால் தொங்கல் இடப்பக்கமே நின்றது. மாடலில் குறை என்றால் தொங்கலும் கூடவே திரும்பியிருக்கும். குறை மெஷினில்தான்.

`M106 S255` கொடுத்து ஃபேனை முழு வேகத்தில் விட்டு, நாசிலைச் சூடாக்காமல், மெல்லிய டிஷ்யூ கீற்றை ஒவ்வொரு வாயிலும் பிடித்தேன். வலது வாயில் படபடத்தது. இடது வாயில் அசையவே இல்லை. டக்டை அறுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. புளோவர் ஒன்றுதான், அதுவும் வலப்பக்கம். இடது வாய்க்குப் போகும் பாதை நாசிலுக்குப் பின்னால் உறிஞ்சுகுழல் அளவுக்குக் குறுகி, சட்டென்று மடங்குகிறது. காற்று சுலபமான வழியில், வலது வாயிலேயே வெளியேறிவிடுகிறது.

வலப்பக்கக் காற்று கிண்ணத்தின் இடது விளிம்புக்கு அடியில் போய்ச் சேராது, சுவரே மறைத்துவிடும். அங்கே பிளாஸ்டிக் இளகியே கிடக்கும். மேல் அடுக்கு ஆறிச் சுருங்கும்போது விளிம்பை மேலே இழுக்கும், அடுத்த சுற்றில் நாசில் அதில் இடிக்கும். பிரிட்ஜிலும் இப்படித்தான். அந்தரத்தில் இழுக்கும் இழை உடனே உறையாவிட்டால் தொய்ந்துவிடும், பக்கத்து இழையோடு ஒட்டாமல் இடைவெளி விடும். மேலே பார்த்தால் மூடியதுபோலத் தெரிந்தாலும் பலம் இருக்காது.

கடைசியில் இருபுறமும் தனித்தனி புளோவர் வைத்து, வாய்கள் நாசில் முனைக்குச் சற்றுக் கீழே பார்க்கும்படி பெட்ஜி-யில் டக்ட் அடித்துக்கொண்டேன். பிஎல்ஏ-வில் அடித்தால் ஹீட்டர் பக்கத்தில் வளைந்துவிடும். காற்று ஹீட்டர் பிளாக் மேல் படவும் கூடாது, பட்டால் சூடு இறங்கி பிரிண்ட் நின்றுபோகலாம். போர்டின் ஃபேன் இணைப்பு ரெண்டு புளோவர் கரண்டைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கிண்ணம் சுற்றிலும் ஒரே மாதிரி வருகிறது, கயிற்றை இழுத்தாலும் பிரிட்ஜ் தாங்குகிறது.

அறுத்த டக்டைக் கொண்டுபோய்க் காட்டியும் கடையில் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதே டக்ட் இன்னும் அங்கே தொங்குகிறது. வாங்கப் போனால் டிஷ்யூ கீற்றைக் கொண்டுபோங்கள், ஃபேனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், இடது வாயில் அசைகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.