பட்டறை இரைச்சலில் அலைபேசி: இயர்மஃபா, இயர்பட்ஸா, எலும்புவழி ஹெட்ஃபோனா?

கிரைண்டர் ஓடும் பட்டறையில் செவியைக் காத்துக்கொண்டே அலைபேசியிலும் பேச விரும்புவோர் பெரும்பாலும் மூன்று கருவிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள்: வாயருகே நீளும் மைக் கொண்ட புளூடூத் இயர்மஃப், இரைச்சல் நீக்கும் சாதாரண இயர்பட்ஸ், ஃபோம் இயர்பிளக்கின் துணையோடு அணியும் எலும்புவழி ஹெட்ஃபோன்.

இவற்றுள் இயர்பட்ஸை நான் முதலிலேயே விலக்கிவிடுவேன். அதன் மின்னணு இரைச்சல் நீக்கம் மோட்டாரின் தாழ்ந்த உறுமலைக் குறைக்கும் அளவுக்கு, இரும்பைத் தேய்க்கும் கூரிய ஒலியைக் குறைப்பதில்லை. செவிப் பாதுகாப்புக்கெனச் சோதித்து மதிப்பிடப்படாத இயர்பட்ஸ் எவ்வளவு காக்கிறது என்று கணக்கிடவும் வழியில்லை. மேலும், அதன் மைக் வாயிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், 2 சென்டிமீட்டரில் நிற்கும் மைக்கைவிட அதற்குக் குரல் சுமார் 15 டெசிபெல் குறைவாகவே எட்டும். ஆகவே மறுமுனையில் இருப்பவருக்கு நம் பேச்சைவிட எந்திரமே உரக்கக் கேட்கும்.

இயர்மஃபை எடைபோட ஒரு கணக்கு உதவும். பணியிடத்தில் 97 டெசிபெல் இரைச்சல் இருப்பதாகவும், இயர்மஃபின் உறையில், அது எத்தனை டெசிபெல் இரைச்சலைக் குறைக்கும் என்பதைக் காட்டும் ஆய்வக மதிப்பீடான என்ஆர்ஆர் 25 என்று அச்சிட்டிருப்பதாகவும் கொள்வோம். எச்சரிக்கையான கணக்கில் 25-இலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். கிடைப்பது 9 டெசிபெல் பாதுகாப்புதான். அப்படியானால் காதை அடைவது 88 டெசிபெல். இதுபோன்ற பல இயர்மஃப்களில் உள் ஒலிபெருக்கி 82 டெசிபெலோடு நிறுத்தப்படுவதால், அழைப்பவரின் குரல் எஞ்சிய இரைச்சலில் மூழ்கிவிடும். நன்கு பொருந்திய இயர்மஃப் இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே காக்கும் என்பதால், முதலில் பார்க்க வேண்டியது பொருத்தத்தைத்தான். எந்திரம் ஓடும்போது இரு கிண்ணங்களையும் கையால் அழுத்திப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால், கண்ணாடியின் காம்போ முடியோ தேய்ந்த மெத்தையோ இடைவெளி விடுகிறது என்று பொருள்.

பேசுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. காது அடைபட்டவருக்குத் தம் குரல் தலைக்குள் முழங்குவதால் அவர் தம்மையறியாமல் தணிந்து பேசுகிறார். மைக்கை உதட்டோரத்துக்கு ஒரு விரல் அகலத்தில் வைத்து, வழக்கத்தைவிடச் சற்று உரக்கப் பேசினால் மறுமுனைக்குத் தெளிவாகக் கேட்கும்.

இயர்மஃபுக்குள் இயர்பிளக்கையும் செருகினால் இரைச்சல் மேலும் குறையும். ஆனால் ஒலிபெருக்கியின் குரலையும் அந்த இயர்பிளக்கே தடுத்துவிடும். எலும்புவழி ஹெட்ஃபோனுக்கு இந்தத் தடை இல்லை. குரல் மண்டையோட்டின் வழியாக உட்செவியை அடைவதால், காதை இயர்பிளக்கால் முழுமையாக அடைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒலியும் உட்செவிக்குச் சுமைதான் என்பதால் அதை உயர்த்திக்கொண்டே போகக் கூடாது. அதன் மைக்கும் பெரும்பாலும் கன்னத்தோடு நின்றுவிடுவதால், கேட்பதற்கு ஏற்ற அளவுக்குப் பேசுவதற்கு ஏற்றதன்று.

ஆகவே 90 டெசிபெலை ஒட்டிய இடங்களில், அடிக்கடி பேச வேண்டியவருக்கு வாயருகே மைக் உள்ள இயர்மஃபையே பரிந்துரைப்பேன். கண்ணாடியைக் கழற்ற இயலாதவர் இயர்பிளக்கும் எலும்புவழி ஹெட்ஃபோனும் அணிந்து அழைப்பைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்ல இரைச்சலுக்கு அப்பால் செல்லலாம். 97 டெசிபெலில் இயர்பிளக்கின் மேல் இயர்மஃபை அணிந்து வேலையைச் செய்து, அழைப்புகளை எந்திரம் நின்ற பிறகு எடுப்பதே சரி.