30 கிராமா, 100 கிராமா? வெளிநாட்டு சிப்ஸ் பாக்கெட்டின் சத்து அட்டவணையைப் படத்திலிருந்து மொழிபெயர்க்க மூன்று வழிகள்

கொரிய சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, "இதில் உப்பு எவ்வளவு இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கிறார். 180 மில்லிகிராம் சோடியம் என்று சொல்லலாம், 600 மில்லிகிராம் என்றும் சொல்லலாம். இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும். முதலாவது 30 கிராமுக்கு, இரண்டாவது 100 கிராமுக்கு. இப்படிப்பட்ட அட்டவணைகளை மொழிபெயர்க்கும்போது எண்கள் சிதைவதைவிட, எண்ணுக்கும் அதன் தலைப்புக்கும் உள்ள உறவு அறுந்துபோவதுதான் அதிகம். அதனால் மூன்று வழிகளையும் இந்த ஒரு அளவுகோலால் மட்டுமே எடைபோடுகிறேன்: எண் எந்தத் தலைப்பின் கீழ் இருந்ததோ, கடைசிவரை அங்கேயே இருக்கிறதா?

ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரி பாக்கெட் வேண்டும். 150 கிராம் எடையுள்ள கொரிய உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக நான் அமைத்தவை. பொரித்த சிப்ஸுக்கு இயல்பானவைதான்.

| | 30 கிராமுக்கு | நாள் அளவில் % | 100 கிராமுக்கு | நாள் அளவில் % |
|---|---|---|---|---|
| ஆற்றல் (கிலோகலோரி) | 160 | | 530 | |
| சோடியம் (மி.கி.) | 180 | 9 | 600 | 30 |
| கார்போஹைட்ரேட் (கிராம்) | 18 | 6 | 60 | 19 |
| கொழுப்பு (கிராம்) | 9 | 17 | 30 | 56 |
| புரதம் (கிராம்) | 2 | 4 | 5 | 9 |

இங்கே பார்க்க அழகாக இருக்கிறது. பாக்கெட்டில் இதே அட்டவணை கட்டைவிரல் அகலத்தில், பளபளக்கும் தாளில், மடிப்பின் மேல் அச்சாகியிருக்கும். ஆற்றலைத் தவிர ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள், இரண்டு அளவு, இரண்டு விழுக்காடு, நெருக்கியடித்து நிற்கும்.

முதல் வழி: படத்தின் மேலேயே மொழிபெயர்ப்பு

கைபேசி கேமராவைப் பாக்கெட்டின் மேல் காட்டினால் கொரிய எழுத்துகள் மறைந்து தமிழோ ஆங்கிலமோ அதே இடத்தில் தோன்றும். வேகத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை. எண்கள் அச்சான இடத்திலேயே நிற்பதால் தலைப்பு உறவும் காக்கப்படும் என்றுதான் தோன்றும். ஆனால் சறுக்கல் தலைப்பு வரியிலேயே நடக்கிறது. "30 கிராமுக்கு", "100 கிராமுக்கு" என்ற இரண்டு கட்டங்களும் ஒட்டி நிற்பதால் செயலி அவற்றை ஒரே வாக்கியமாகச் சேர்த்து, நடுவில் எங்கோ எழுதிவிடும். அதற்குப் பிறகு எந்த நெடுவரிசை எதற்கு என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கொரிய மொழிக்கென்றே ஒரு குழி உண்டு. "100 கிராமுக்கு" என்பதில் வரும் "க்கு" என்ற பொருளுடைய அசையும், சர்க்கரையைக் குறிக்கும் அசையும் எழுத்தில் ஒன்றே. இரண்டையும் "தாங்" என்றுதான் படிப்பார்கள். வாக்கியத்தில் வந்தால் குழப்பமில்லை. அட்டவணையின் தலைப்பில் தனியாக நிற்கும்போது செயலி தடுமாறி "சர்க்கரை 100 கிராம்" என்று எழுத வாய்ப்பிருக்கிறது. நூறு கிராம் சிப்ஸில் நூறு கிராம் சர்க்கரை என்றால் யாரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "சர்க்கரை 30 கிராம்" என்று வந்தால்தான் வம்பு, ஏனென்றால் அது நம்பும்படியாக இருக்கிறது.

இரண்டாம் வழி: எழுத்தை உருவி எடுத்து மொழிபெயர்ப்பது

படத்திலிருந்து எழுத்துகளை மட்டும் நகலெடுத்து, பிறகு மொழிபெயர்ப்பில் ஒட்டும் முறை இது. மூல எழுத்து கையில் இருப்பதால் சந்தேகப்படும் சொல்லைத் தனியாகத் தேடிப் பார்க்கலாம். சேர்மானப் பட்டியலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அட்டவணை என்று வரும்போதுதான் கால் வாருகிறது. உருவி எடுக்கும் செயலி வரிவரியாகப் படித்தால் "சோடியம் 180 9 600 30" என்று வரும், இதைச் சமாளிக்கலாம். நெடுவரிசையாகப் படித்துவிட்டால் முதலில் சத்துப் பெயர்கள் எல்லாம், பிறகு எண்கள் எல்லாம் ஒரே வாலாக வந்து விழும். ஒரே ஒரு கட்டத்தில் ஒளி பட்டு எண் விடுபட்டால், அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் ஒரு படி மேலே ஏறிவிடும். ஆற்றலுக்கு விழுக்காடு இல்லாததால் அந்தக் கட்டம் அச்சிலேயே காலி. ஆகவே எதுவும் விடுபடாதபோதுகூட விழுக்காட்டு வரிசை ஓர் இடம் தள்ளித்தான் நிற்கும்.

இதற்கு ஒரு ஒட்டுவேலை உண்டு. படத்தில் பெயர் நெடுவரிசையோடு ஒரே ஓர் எண் நெடுவரிசை மட்டும் தெரியும்படி மற்றவற்றை மறைத்து, ஒவ்வோர் எண் நெடுவரிசைக்கும் ஒருமுறை உருவலாம். வேலை செய்யும். ஆனால் அவ்வளவு மெனக்கெடுகிறவர் அடுத்த வழிக்கே போய்விடலாம்.

மூன்றாம் வழி: தலைப்பை மட்டும் மொழிபெயர்த்து, எண்களைக் கையால் எழுதுவது

இதைப் பத்தாம்பசலித்தனம் என்பார்கள். ஆனால் சத்து அட்டவணையில் மொழி என்று இருப்பதே பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான், அவையும் அந்தந்த நாட்டில் விதிப்படி ஒரே வரிசையில் வரும். கொரியாவில் சோடியம் மேலே நிற்கும். ஜப்பானில் ஆற்றல், புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட், உப்பு. சீனாவிலும் ஆற்றல், புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட், கடைசியில் சோடியம். ஒருமுறை இந்த வரிசையை எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த பாக்கெட்டுக்குச் செயலியின் உதவி தலைப்பு வரிக்கு மட்டும்தான் தேவைப்படும். அந்த வரியைத் தனியாக வெட்டி, பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாக மொழிபெயர்த்துவிட்டு, எண்களைக் கண்ணால் பார்த்து எழுதினால் முடிந்தது. இந்த மூன்று நாட்டுப் பாக்கெட்டுகளிலும் எண்கள் நமக்குத் தெரிந்த அதே எண்கள்தானே.

என் தேர்வு மூன்றாவதுதான். ஒரு பாக்கெட்டைக் கடையில் நின்று அவசரமாகப் பார்ப்பவருக்கு முதல் வழி போதும். தமிழில் எழுதி இன்னொருவர் கையில் கொடுக்கப்போகிறவருக்குப் போதாது.

எந்த வழியில் எடுத்திருந்தாலும் நெடுவரிசை இடம் மாறவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பலருக்கும் தெரிந்த சோதனை கலோரிக் கணக்கு: கார்போஹைட்ரேட்டும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு 9. நம் பாக்கெட்டின் 100 கிராம் நெடுவரிசையில் 240, 20, 270. கூட்டினால் 530, பொருந்துகிறது. 30 கிராம் நெடுவரிசையில் 72, 8, 81. கூட்டினால் 161, அச்சில் 160. இதுவும் பொருந்துகிறது. கவலைக்குரிய விஷயமே அதுதான். இரண்டு நெடுவரிசையும் தனித்தனியே சரியாக இருப்பதால், தலைப்புகள் இரண்டும் அப்படியே இடம் மாறியிருந்தாலும் இந்தக் கணக்கு வாயைத் திறக்காது. ஒரு நெடுவரிசைக்குள் மற்றதன் எண் நுழைந்திருந்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

தலைப்பு மாறியதைப் பிடிக்க எடையைக் கூட்ட வேண்டும். கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம் மூன்றையும் கூட்டினால் வரும் எடை, தலைப்பில் உள்ள எடையைத் தாண்டக்கூடாது. 60, 30, 5 சேர்ந்தால் 95 கிராம். இது 100 கிராமுக்குள் அடங்கும், 30 கிராமுக்குள் எப்படியும் அடங்காது. மறுபக்கம் 18, 9, 2 சேர்ந்தால் 29; இது 30 கிராம் சிப்ஸ் என்றால் சரி. 100 கிராம் என்றால் மீதி 71 கிராம் என்ன? தண்ணீராக இருந்தால் அது சிப்ஸே இல்லை. பொரித்த உலர்ந்த தின்பண்டத்தில் ஈரம் மிகக் குறைவு என்பதால் இந்தச் சோதனை இங்கே கூர்மையாக வேலை செய்கிறது. ஜெல்லி, புட்டிங் போன்றவற்றில் தண்ணீர் அதிகம். அங்கே குறைவான கூட்டுத்தொகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

விழுக்காடும் சாட்சி சொல்லும். கொரியாவில் சோடியத்தின் நாள் அளவு 2000 மில்லிகிராம், கொழுப்புக்கு 54 கிராம். 180க்கு 9 விழுக்காடு, 600க்கு 30. யாராவது 600க்குப் பக்கத்தில் 9 என்று எழுதியிருந்தால் வரிசை நழுவியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நெடுவரிசைகளையும் வகுத்தும் பார்க்கலாம், 3.3 வர வேண்டும். புரதத்தில் மட்டும் 5ஐ 2ஆல் வகுத்தால் 2.5 வருகிறதே என்று பதற வேண்டாம்; 1.5 கிராமை 2 என்று முழுமையாக்கி அச்சிட்டதன் விளைவு அது. சிறிய எண்களில் வகுத்தல் சோதனை நம்பத்தக்கதல்ல, சோடியத்திலும் கார்போஹைட்ரேட்டிலும் செய்து பாருங்கள்.

"சின்ன எண் என்றால் பரிமாறும் அளவு, பெரிய எண் என்றால் 100 கிராம்" என்று குறுக்குவழி வைத்திருப்பவர்கள் உண்டு. 120 கிராம் உடனடி நூடுல்ஸ் பாக்கெட் வந்தால் அது கவிழ்ந்துவிடும். அங்கே ஒரு பாக்கெட்டே ஒரு பரிமாறல், அதன் எண்கள்தான் பெரியவை.

பல பாக்கெட்டுகளில் ஒரே ஒரு நெடுவரிசைதான் இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொரிய விதிப்படி பொதுவாக முழுப் பாக்கெட்டுக்கான அளவைப் போட வேண்டும். ஆனால் எடை 100 கிராமைத் தாண்டி, ஒருமுறை உண்ணும் அளவைப்போல் மூன்று மடங்கையும் தாண்டினால் 100 கிராமுக்கான அளவைப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே ஒரே நிறுவனத்தின் ஒரே சுவை, 60 கிராம் பாக்கெட்டில் 60 கிராமுக்கான எண்ணோடும், 150 கிராம் பாக்கெட்டில் 100 கிராமுக்கான எண்ணோடும் வரலாம். சின்ன பாக்கெட்டுக்கு ஏற்கெனவே செய்த மொழிபெயர்ப்பின் தலைப்பைப் பெரிய பாக்கெட்டுக்கு ஒட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜப்பானிலும் "ஒரு பையில்" என்றோ "100 கிராமில்" என்றோ தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். தலைப்பைப் படிக்காமல் ஊகிக்க வழியில்லை. அங்கே சோடியத்துக்குப் பதில் உப்பு அளவு கிராமில் வரும். அதை 2.54ஆல் வகுத்தால் சோடியம். ஐரோப்பியப் பாக்கெட் என்றால் 100 கிராம் நெடுவரிசை கட்டாயம், பரிமாறும் அளவு அதோடு சேர்த்துத் தரக்கூடியது.

தமிழில் எழுதும்போது "ஒரு பரிமாறலுக்கு" என்று மட்டும் விடக்கூடாது. "ஒரு பரிமாறலுக்கு (30 கிராம்)" என்று எடையையும் சேர்க்க வேண்டும். பாக்கெட்டில் 100 கிராம் நெடுவரிசை இல்லாமல் நாமே கணக்கிட்டுச் சேர்த்தால், அது கணக்கிட்டது என்று அந்தத் தலைப்பிலேயே சொல்லிவிடலாம். முழுமையாக்கிய 2 கிராம் புரதத்தை 3.33ஆல் பெருக்கினால் 6.7 வரும், உண்மையில் இருப்பதோ 5. படிப்பவருக்கு அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

படம் அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே இரண்டைக் கேட்டுவிடுங்கள். பாக்கெட்டை வெட்டிப் பிரித்து மேசையில் தட்டையாக வைத்து, விளக்கு பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் புள்ளிகள் மங்காது. மொத்த எடை அச்சான இடத்தையும் இன்னொரு படமாகக் கேளுங்கள். தலைப்பில் "ஒரு பைக்கு" என்று மட்டும் இருந்து எடை தெரியாவிட்டால் மேலே சொன்ன எடைக் கூட்டல் சோதனையை நடத்த முடியாது.