ஒரு நிமிட நினைவூட்டல்: நடந்த வரிசையா, முடிவுகள் மட்டுமா?

வாராந்திரக் கூட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஒரு நிமிட நினைவூட்டலை இரண்டு விதமாக எழுதலாம். போன முறை பேசிய வரிசையிலேயே சொல்வது ஒன்று. முடிவானதை மட்டும் சொல்வது இன்னொன்று.

முதலாவது எழுத எளிது. குறிப்பேட்டைப் பார்த்து அப்படியே இறக்கிவிடலாம். ஆனால் "வெளியீட்டுத் தேதி பற்றிப் பேசினோம், சிலர் தள்ளிப்போடலாம் என்றார்கள்" என்று வாசித்ததுமே, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், பழைய விவாதம் மறுபடி தொடங்கிவிடும்.

இரண்டாவதில் அதே விஷயம் இப்படி மாறும்: "வெளியீடு 12ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது. பணம் செலுத்தும் பகுதியின் சோதனை பாக்கி. சோதனைக் குழுத் தலைவர் அதை வியாழனுக்குள் முடிப்பார். விலை இன்னும் முடிவாகவில்லை, இன்று எடுக்கிறோம்."

இதில் பலரும் காரண வரியை வெட்டிவிடுகிறார்கள். அப்போது போன முறை வராதவர் "ஏன் தள்ளினோம்?" என்று கேட்பார், மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே போய்விடும். இன்னொரு பொறி, "பார்த்துக்கொள்ளப்படும்" என்ற சொல். யார் பார்ப்பார் என்பது அதில் இல்லை. கூட்டத்தில் பொறுப்பாளரே குறிக்கப்படவில்லை என்றால், அதையும் மறைக்காமல் "இதற்கு ஆள் இல்லை" என்றே வாசிப்பேன்.

முடிவே எடுக்காமல் யோசனைகளை மட்டும் கொட்டிய கூட்டத்துக்கு முதல் விதமே சரி.