ஸ மேல வைக்கிற புள்ளி: 9 வருஷம் நொட்டேஷன் புத்தகம் பார்த்துப் பாடின அனுபவம்

போன வாரம் என்னோட பாட்டுப் புத்தகத்த பைண்டிங் குடுத்து வாங்கினேன், முதுகு பிஞ்சு பக்கம் பக்கமா வந்துட்டிருந்துச்சு. அன்னைக்கே என் ஃப்ரெண்டு ஃபோன் பண்ணி, "ஏண்டி, பாப்பா கீதம் ஆரம்பிச்சிட்டா, உன்கிட்ட இருக்கிற அந்தப் புத்தகத்தையே வாங்கிடவா, இல்ல டீச்சர் நோட்ட ஜெராக்ஸ் எடுத்தா போதுமா"ன்னு கேட்டா. அவளுக்கு ஃபோன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சது, மீதிய இங்க எழுதுறேன். சரளி, ஜண்டை, அலங்காரம் முடிச்சவங்களுக்குப் புரியும்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன், ஏன்னா பின்னாடி கோவம் வந்துடும். இந்தப் புத்தகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது கோடுகள். ஒத்தக் கோடு வந்தா தாளத்தோட ஒரு அங்கம் முடிஞ்சது, ரெட்டைக் கோடு வந்தா ஆவர்த்தனமே முடிஞ்சது, அவ்வளவுதான் விஷயம், ஆனா கை எங்க இருக்கணும்னு அந்தக் கோடு சொல்ற மாதிரி வேற எதுவும் சொல்லாது. ஸ்ரீ கணநாத கீதத்தையே எடுத்துக்கோங்க, புரந்தரதாசர் பண்ணினது, மலஹரி, ரூபக தாளம். முதல் வரி இப்படி இருக்கும் (மேல் புள்ளிய ஃபோன்ல அடிச்சா எழுத்த விட்டுத் தள்ளிப் போய் நிக்குது, அதனால மேல் ஸ்தாயிக்கு எழுத்துக்குப் பக்கத்துல ' போட்டிருக்கேன்):

ம ப | த ஸ' ஸ' ரி' || ரி' ஸ' | த ப ம ப ||

கீதத்துல ரூபகம்னா முதல்ல த்ருதம் 2, அப்புறம் லகு 4, மொத்தம் 6 அட்சரம். ம வுக்குத் தட்டு, ப வுக்கு வீச்சு. கோடு. த வுக்குத் தட்டு, ஸ' சுண்டு விரல், அடுத்த ஸ' மோதிர விரல், ரி' நடு விரல். ரெட்டைக் கோடு. இப்ப பாருங்க, ரெட்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரி', அந்தப் பக்கம் ஒரு ரி'. கோடு இல்லைன்னா நாம ரெண்டையும் சேர்த்து ரீ ன்னு நீட்டிட்டுப் போயிடுவோம், நான் முதல் ஒரு மாசம் அப்படித்தான் பாடினேன். அந்தக் கோடுதான் "நிறுத்து, இந்த ரெண்டாவது ரி புது ஆவர்த்தனம், புதுத் தட்டு, அழுத்திச் சொல்லு"ன்னு சொல்லுது. டீச்சர் பல தடவ வாயால சொல்லியும் எனக்கு ஏறல, ஒரு நாள் விரல வெச்சுக் கோட்டப் பார்த்துப் பாடினதும் புரிஞ்சிடுச்சு. அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

இப்ப கோவத்துக்கு வர்றேன். புள்ளி.

மேல் ஸ்தாயின்னா ஸ்வரத்து தலையில புள்ளி, கீழ் ஸ்தாயின்னா காலடியில புள்ளி, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெலுங்கு லிபில இத எழுதினா ஒரு பிரச்சனையும் இல்ல, ஸ தலையில ஒரு புள்ளி வெச்சா அது வேற எழுத்தா மாறாது. 1904ல சுப்பராம தீட்சிதரோட பெரிய புத்தகம் எட்டயபுரத்துல அச்சானதும் தெலுங்கு லிபிலதான். ஆனா நம்ம தமிழ்ல எழுத்து தலையில புள்ளி வெச்சா அது மெய்யெழுத்து! ஸ தலையில புள்ளி வெச்சா ஸ். ப தலையில வெச்சா ப், ம தலையில வெச்சா ம். ஸ்தாயிப் புள்ளியும் மெய்ப்புள்ளியும் ஒரே இடத்துல ஒரே சைஸ்ல நிக்குது. பழகின கண்ணுக்கு இது ஸ்வர வரி, இங்க மெய்யெழுத்தே வராதுன்னு தெரியும், சரி, ஆனா இந்தப் புத்தகத்த வாங்குறவங்க யாரு, அ ஆ படிச்சு முடிச்ச பசங்க.

ஃப்ரெண்டு பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தப்ப இந்த வரியத் திறந்து குடுத்தேன். ம, ப ன்னு ஒழுங்கா தட்டி வீசினா, த வுக்குத் தட்டினா, அடுத்து சுண்டு விரல் ஒண்ணுலயே "ஸ்ஸ்ரி"ன்னு மூணையும் முழுங்கிட்டா. அவளக் குத்தம் சொல்ல முடியுமா? ஸ் ஸ் ரி ன்னு புத்தகத்துல இருக்கு, மெய்க்கு அரை மாத்திரைன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க, அவ சரியாத்தான் படிச்சா. போதாக்குறைக்கு கீழ சாகித்யம் வேற ஸ்ரீன்னு ஆரம்பிக்குது. நடு விரலுக்கு வர வேண்டிய ரி சுண்டு விரலுக்கே வந்துடுச்சு, ரெண்டு அட்சரம் மிச்சம் கையில நிக்குது, ரெட்டைக் கோடு வந்தாச்சு, கை இன்னும் முடியல. இதுலயும் தப்பு நடந்ததக் காட்டிக் குடுத்தது கோடுதான்னு சொல்லணும். ரெட்டைக் கோடு வர்றப்ப விரல் நடு விரல்ல இல்லைன்னா அந்த ஆவர்த்தனத்துக்குள்ள எங்கயோ முழுங்கிட்டோம் இல்ல நீட்டிட்டோம்னு அர்த்தம்.

அடுத்தது ஜெராக்ஸ். ரி யோட கொம்பு மேல வளைஞ்சு வருது இல்லையா, அந்த வளைவுக்குள்ளயே ஸ்தாயிப் புள்ளி போய் உக்காந்துக்குது, ஒரு தடவ காப்பி எடுத்தா ஒட்டிக்கும், ரெண்டாவது காப்பில புள்ளியே இருக்காது. என்கிட்ட இருக்கிற ஒரு காப்பில இந்த அஞ்சு மேல் ஸ்தாயி ஸ்வரத்துல மூணுக்குத்தான் புள்ளி மிச்சம். த, ஸ', அப்புறம் புள்ளி இல்லாத ஸ, அப்புறம் ரி'. அப்படியே பாடினா மேல போய், தடால்னு கீழ விழுந்து, திரும்ப மேல தாவணும். கீதத்துல அப்படி ஒரு ஸ்தாயி முழுக்க விழுந்து எழுந்திரிக்கிற வேலை இருக்காது, அதனால அங்க புள்ளி போயிடுச்சுன்னு கண்டுபிடிச்சிடலாம். கீபோர்டு வெச்சிருக்கிறவங்க எண்ணிப் பாருங்க, மலஹரி தைவதத்துல இருந்து மேல் ஸ நாலு கட்டை, கீழ இருக்கிற ஸ எட்டு கட்டை. கிட்ட இருக்கிறது எதுவோ அதுதான் பாட்டு.

ஆனா இந்த "கிட்ட இருக்கிறத எடு"ங்கிற வழி எப்பவும் காப்பாத்தாது, அத நான் அனுபவப்பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் வரி ப ல முடியுது, அடுத்த வரி ரி ம | ப த ம ப || ன்னு ஆரம்பிக்குது. ப ல இருந்து ரி க்குப் போகணும். மலஹரில சுத்த ரிஷபம், அதனால ப ல இருந்து கீழ் ரி யும் ஆறு கட்டை, மேல் ரி யும் ஆறு கட்டை! எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரம். புள்ளி சந்தேகமா இருந்தா இங்க தூரத்த வெச்சு முடிவு பண்ணவே முடியாது. அடுத்த எழுத்தப் பார்க்கணும், ம வும் ப வும் புள்ளி இல்லாம நிக்குது, அதனால ரி யும் நடு ஸ்தாயி. நான் புள்ளி அழிஞ்சிருக்கும்னு நெனச்சு மேல் ரி பிடிச்சுப் பாடி, அப்புறம் ம வுக்கு இறங்க வழி தெரியாம நின்னுட்டேன். டீச்சர், "ஒத்த ஸ்வரத்த மட்டும் பார்க்காதம்மா, அதுக்கு அடுத்தது எங்க போகுதுன்னு பாரு"ன்னாங்க.

கீழ்ப் புள்ளில வேற தொல்லை. ஸ்வர வரிக்கு அடியிலயே சாகித்ய வரி, நடுவுல இடைவெளி கொஞ்சம்தான் விட்டிருக்காங்க. முதல் வரி ரெண்டாவது ஆவர்த்தனத்துல ம வுக்கு நேர் கீழ "வர்ண"ல இருக்கிற வர் வருது. அந்த ர் ஓட புள்ளி மேல எழும்பி, பார்க்கிறதுக்கு ம காலடியில வெச்ச மந்த்ர ஸ்தாயிப் புள்ளி மாதிரியே இருக்கு. இந்தக் கீதத்துல மந்த்ர ஸ்தாயியே கிடையாது, அதனால தப்பிச்சோம், ஆனா கீழ் ஸ்தாயி நிஜமாவே வர்ற உருப்படிகள்ல எது ஸ்வரத்தோட புள்ளி, எது சாகித்யத்தோட புள்ளின்னு லென்ஸ் வெச்சுப் பார்க்க வேண்டியிருக்கு. வரிக்கு நடுவுல ஒரு நூல் இடம் கூட விட்டிருந்தா இவ்வளவு பாடு இல்ல. பதிப்பிச்சவங்க ஒரு குழந்தையக் கூப்பிட்டு உக்கார வெச்சு ஒரு பக்கம் பாட வெச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், ஸ்வர வரில நெடில் வந்தா ரெண்டு அட்சரம், ஸா ன்னா ரெண்டு. சாகித்ய வரிக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஸ்ரீ க்கு ம ப ரெண்டு ஸ்வரம், ஆனா கணநாதல வர்ற நா நெடிலா இருந்தும் ஒரே ஸ', ஒரே விரல். சாகித்யத்த மேல இருக்கிற ஸ்வரத்தோட நேர் கோட்டுல வெச்சுத்தான் படிக்கணும், இந்தப் புத்தகத்துல பாதிப் பக்கத்துல எழுத்து தள்ளித் தள்ளிப் போயிருக்கு. போதாததுக்கு பைண்டிங்ல உள் மார்ஜின சேர்த்துத் தைச்சு, சில பக்கத்துல வரிக் கடைசி ரெட்டைக் கோடே மடிப்புக்குள்ள போயிடுச்சு. எனக்குப் பிடிச்சதே அதுதான், அதுவும் போச்சு.

அதனால ஃப்ரெண்டுக்கு நான் சொன்னது, புத்தகம் வாங்காத, ஜெராக்ஸும் வேணாம். கணக்குக்கு வாங்குற கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு வாங்கு. ஒரு கட்டத்துக்கு ஒரு அட்சரம், பாப்பாவே அவ கையால எழுதட்டும். ஒரு வரி ஸ்வரம், கீழ ஒரு வரி காலியா விடணும், அதுக்கும் கீழ சாகித்யம். நீட்டுற இடத்துல கமா போட்டு அந்தக் கட்டத்த விட்டுடணும். த்ருதம் முடிஞ்சதும் ஒத்தக் கோடு, லகு முடிஞ்சதும் ரெட்டைக் கோடு, ஸ்கேல் வெச்சு. ஸ்தாயிப் புள்ளிய மட்டும் சிவப்புப் பேனால, எழுத்த ஒட்டாம, கட்டத்தோட மேல் விளிம்புல வைக்கணும், அப்ப மெய்ப்புள்ளியோட குழம்பவே குழம்பாது. எங்க டீச்சர் நோட்டு இப்படித்தான் இருக்கும், ஜெராக்ஸ் எடுத்தா அந்தச் சிவப்பும் கருப்பாத்தான் வரும்.

ஞாயித்துக்கிழமை பாப்பாவ அனுப்புறேன்னு சொல்லியிருக்கா. புத்தகத்தத் திறந்து வெச்சு முதல் வரிய நோட்டுல எழுத வைக்கப் போறேன், அஞ்சு சிவப்புப் புள்ளி, எண்ணிப் பார்த்துட்டு அப்புறம்தான் தாளம் போடணும்.